சட்னி அரைக்கும்போது மிக்சி நின்றுவிடுகிறது. 1000 வாட் வாங்கினால் தீருமா?

வெள்ளவத்தை_மீனா (சனி, காலை 8.40)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நாங்கள் நான்கு பேர், மாமியோடு சேர்த்து. மிக்சி நான்கு வருடம் பழையது, 550 வாட், மூன்று ஜார். காலையில் தோசைக்கோ இடியப்பத்துக்கோ தினமும் சட்னி அரைப்பேன். பாதித் தேங்காயின் பூ, நாலைந்து செத்தல் மிளகாய், இரண்டு பல்லு உள்ளி, கொஞ்சம் பழப்புளி, உப்பு. அவ்வளவுதான். மாதத்துக்கு இரண்டு தடவை கால் கிலோ அளவில் கறித்தூளும் திரிப்பேன்.

போன மாதத்திலிருந்து சட்னி பாதி அரைபடும்போது நின்றுவிடுகிறது. அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அமத்தினால் உடனே வராது, பத்து நிமிடம் கழித்து அமத்தினால் ஓடுகிறது. இந்தக் கிழமை மட்டும் மூன்று தடவை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரித்தேன். கடைக்காரர் யோசிக்காமல் "1000 வாட் எடுங்கோ, பிறகு கவலையில்லை" என்றார். எங்களுடையது ஐந்தாம் மாடி ஃபிளாட், காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தத்தைப் பக்கத்து வீடு எப்படித் தாங்கும் என்று இவர் கேட்கிறார். 750 போதுமா, 1000 தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சம்பல்_மன்னன் (சனி, காலை 9.05)

1000 தான் அக்கா. 550 எல்லாம் பால் அடிக்கத்தான். நான் ஆறு வருடமாக 1000 வாட் வைத்திருக்கிறேன், அந்தச் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட நின்றதில்லை. பொத்தான் அடிக்கடி விழுகிறது என்றால் மோட்டர் பலவீனம் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (சனி, காலை 10.30)

தங்கச்சி, வாங்கப் போகமுன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நான் 22 வருடமாக மிக்சி மோட்டர் சுற்றுகிறவன். கடைக்குக் கொண்டு வருகிறவர்களிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன்.

நிற்பது எந்த ஜாரில்? மூன்றிலுமா, ஒன்றிலா? நிற்குமுன் சத்தம் எப்படி மாறுகிறது, மெல்லியதாகி மேலே ஏறுகிறதா, கனத்து முனகுகிறதா? கடைசியாக, பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஜாரையும் கவிழ்த்து, அடியில் உள்ள கப்ளரை விரலால் சுற்றிப் பாருங்கள். தட்டிவிட்டால் தானாக ஒரு சுற்றாவது ஓடவேண்டும்.

தெஹிவளை_மாமி (சனி, காலை 11.15)

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் பிள்ளை. மிக்சி போட்டால் ட்ரிப் விழுந்து வீடு முழுக்க இருட்டு. ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் நிற்கும். பக்கத்து வீட்டுத் தம்பி கரண்ட் கூடிக் குறைகிறது, ஸ்டெபிலைசர் போடுங்கள் என்றான். போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்களும் அதற்குக் காசு செலவழிக்காதேங்கோ.

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (சனி, பகல் 12.10)

மாமி, உங்களுடையது வேறு சங்கதி, இதைவிட அவசரமானது. மீனாவின் மிக்சியில் நிற்பது மிக்சி மட்டும். அடியில் உள்ள பொத்தான் மோட்டர் இழுக்கும் கரண்ட் அளவுக்கு மேல் போனால் விழும். உங்கள் வீட்டில் விழுவது மெயின் போர்டில் உள்ள ட்ரிப் சுவிட்ச். மிக்சி போடும்போது மட்டும் அது விழுகிறது என்றால் கரண்ட் எங்கோ கசிகிறது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது விழும், சுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் பார்த்தவரையில் பெரும்பாலும் காரணம் ஈரம்தான். ஜாரின் அடியில் ஒழுகும் தண்ணீர் கப்ளர் வழியாக மோட்டருக்குள் இறங்கும். அந்த மிக்சியை இனிப் போடவேண்டாம். கவிழ்த்துப் பாருங்கள், அடித்தட்டில் கறுப்பு நீர்க்கறை இருக்கும். ஒன்று கேட்கிறேன், உருண்டைக் கம்பிப் பிளக்கை 13 அம்பியர் சதுரத் துளையில் போட, எர்த் இல்லாத மாற்றுப் பிளக் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதையும் எறியுங்கள்.

தெஹிவளை_மாமி (சனி, பகல் 12.40)

வைத்திருக்கிறேன் தம்பி. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

வெள்ளவத்தை_மீனா (சனி, மாலை 5.20)

அண்ணா, பார்த்தேன். எனக்கே ஆச்சரியம். நிற்பது சின்னச் சட்னி ஜாரில் மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் பெரிய ஜாரிலும் தூள் ஜாரிலும் ஒருதடவைகூட நின்றதில்லை. போன வருடம் வரைக்கும் சட்னியைப் பெரிய ஜாரில்தான் அரைத்தேன். எல்லாம் சுவரில் அப்பிக்கொள்ளும், நாலு தடவை திறந்து வழிக்கவேண்டும். அந்தச் சலிப்பில்தான் சின்னதுக்கு மாறினேன். சத்தம் கனத்துப்போய் "ம்ம்ம்" என்று முனகித்தான் நிற்கிறது. விரலால் சுற்றினால் மற்ற இரண்டும் சிரமமில்லாமல் ஓடுகிறது. சின்னது ஒட்டிக்கொண்டதுபோல் இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் பலம் கொடுத்தால்தான் திரும்புகிறது.

சம்பல்_மன்னன் (சனி, மாலை 5.45)

பார்த்தீர்களா, சின்ன ஜாரே சரியில்லாத பொருள். 1000 வாட் மோட்டர் என்றால் அந்த இறுக்கத்தையும் சேர்த்துச் சுற்றிவிடும்.

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (சனி, இரவு 8.00)

சுற்றிவிடும் தம்பி, அதுதான் பயம். கீழே சொல்கிறேன்.

முதலில் மீனாவுக்கு. உங்கள் பொத்தான் சரியாகத்தான் வேலை செய்கிறது. மோட்டர் களைக்கவில்லை, ஜாரின் புஷ் இறுகிவிட்டது. கத்தி பொருத்திய தண்டு ஜாரின் அடியில் ஒரு பித்தளை புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. அதற்கு மேலே ஒரு சீல். நாள்பட்ட சீல் வழியாகத் தேங்காய்ப்பாலும் உப்பும் புளியும் கசிந்து உள்ளே போய்க் காய்ந்து பசையாகின்றன. கழுவும்போது சின்ன ஜாரைச் சிங்க்கில் ஊறப்போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும், உள்ளே இருந்த எண்ணெயும் கழுவுப்பட்டுப் போகும். நீங்கள் ஊறப்போடுகிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

நிச்சயப்படுத்த ஒரு சோதனை. மூன்று ஜாரிலும் கத்தி மூழ்கும் அளவுக்கு வெறும் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றையும் முதல் வேகத்தில் இருபது விநாடி ஓட்டுங்கள். தண்ணீருக்கு மோட்டர் சிரமப்படவே கூடாது. சின்னது மட்டும் முனகினால் ஜார்தான் குற்றவாளி. மூன்றும் முனகினால் கார்பன் பிரஷ், பேரிங் என்று மோட்டர் பக்கம் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் பார்க்கலாம். கத்தியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இறுக்கம் இருந்தால் பசை. ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஜாரிலிருந்துதான் கறுப்புத் திரவம் ஒழுகும், மாமி வீட்டுக் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (சனி, இரவு 8.25)

இனி 1000 வாட் விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் வாட், மோட்டர் இழுக்கும் கரண்டின் கணக்கு. அது முழுக்கக் கத்திக்குப் போவதில்லை, ஒரு பெரும் பங்கு சூடாகத்தான் போகிறது. 230 வோல்ட்டில் 550 வாட் என்றால் சுமார் 2.4 அம்பியர், 1000 வாட் என்றால் சுமார் 4.3. அடியில் உள்ள பொத்தானும் அந்தந்த மோட்டருக்கு ஏற்றபடிதான் பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் 1000 வாட் மிக்சியில் பொத்தான் விழாததற்குக் காரணம், சம்பல் தம்பி, ஒரு சின்னச் சட்னி ஜார் எவ்வளவு இறுகினாலும் அந்த எல்லையைத் தொடுவதற்குள் வேறெதாவது உடைந்துவிடும். கப்ளரின் பல் அறும், அல்லது புஷ் சூடேறி சீல் கருகும். கருகிய சீலின் மணம் சட்னியில் வரும்.

மிக்சி மோட்டர் வெறும் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 18,000 சுற்று, அதற்கு மேலும் போகும். அதைக் குளிரவைக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. சுமை ஏறி வேகம் குறைந்தால் கரண்ட் கூடும், விசிறி மெதுவாகும். சூடு கூடும் நேரத்தில் காற்று குறைகிறது. "ம்ம்ம்" என்று முனகும்போது, அரைபடட்டும் என்று இன்னும் அரை நிமிடம் விட்டுப் பார்ப்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பொத்தானுக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு வளைந்து விழுவதற்குச் சில விநாடி எடுக்கும். அதை நம்பி இருக்காமல் முனகல் கேட்டதும் கையால் நிறுத்துவதுதான் நல்லது.

கறித்தூள்_தங்கை (சனி, இரவு 9.10)

அண்ணா சொன்ன சத்தம் விஷயத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறதே? என்னுடையதில் சட்னி அரைக்கும்போது சத்தம் திடீரென்று மேலே ஏறி "வீ" என்று கத்தும். அப்போது உள்ளே ஒன்றும் அரைபடுவதில்லை. அதையும் சுமை என்று நினைத்து நிறுத்திவிடுவேன்.

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (சனி, இரவு 9.35)

அது சுமைக்கு நேரெதிர். கத்தியைச் சுற்றிக் காற்றுக்குழி விழுந்துவிட்டது, சரக்கெல்லாம் சுவரில், கத்தி வெறுங்காற்றை வெட்டுகிறது. மோட்டருக்குக் கேடு இல்லை, உங்களுக்கு நேர விரயம். ஜார் பெரிது, சரக்கு சிறிது என்பதுதான் பொதுவான காரணம். ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி விட்டு விட்டு அடித்துப் பாருங்கள்.

மீனா போன வருடம் பெரிய ஜாரில் பட்ட பாடும் இதுதான். 1.5 லீட்டர் ஜாரில் பாதித் தேங்காய் என்பது கத்திக்கு மேல் இரண்டு விரல் உயரம்கூட வராது. வாட் கூடினால் சரக்கு இன்னும் வேகமாகச் சுவருக்குப் போகும். 1000 வாட்டில் இந்தச் சிக்கல் கூடுமே தவிரக் குறையாது.

வெள்ளவத்தை_மீனா (ஞாயிறு, காலை 7.30)

தண்ணீர்ச் சோதனை செய்தேன். சின்னது முனகுகிறது, மற்ற இரண்டும் பாட்டுப் பாடுகின்றன. ஆமாம் அண்ணா, ஊறப்போடுவேன், பந்தயத்தில் நீங்கள் வென்றீர்கள். ஆனால் ஒரு நாளைக்குப் புதிது வாங்கத்தானே வேண்டும்? கடையில் ஜாரைப் பார்த்து நல்லது கெட்டது எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (ஞாயிறு, காலை 9.50)

பெட்டியைத் திறந்து சின்ன ஜாரை முதலில் கையில் எடுங்கள். விற்கிறவர் பெரிய ஜாரைத்தான் நீட்டுவார், அது பளபளப்பாக இருக்கும். தினமும் வேலை செய்யப்போவது சின்னது.

உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். சுவரில் செங்குத்தாக மேடு அல்லது உள்மடிப்பு இருக்கவேண்டும். அது இல்லாத உருண்டைச் சுவர் என்றால் சரக்கு முழுவதும் கத்தியோடு சேர்ந்து ராட்டினம் சுற்றும், அரைபடாது. மேடு அந்தச் சுழலை உடைத்துச் சரக்கை மறுபடி நடுவில் தள்ளும். பிறகு அடியைப் பாருங்கள். மூலை கூர்மையாக இல்லாமல் வளைந்து உள்நோக்கிச் சரியவேண்டும், கத்தி அடித்தட்டுக்கு நெருக்கமாக நிற்கவேண்டும். கத்தி உயரத்தில் நின்றால் கொஞ்சச் சட்னிக்கு அதன் கீழேயே சரக்கு தங்கிவிடும், நாலு மிளகாய் விதையோடு முழுசாகக் கிடக்கும். கொள்ளளவு 400 மில்லி அளவில் இருந்தால் நாலு பேர் வீட்டுக்குப் போதும்.

நான் மிகவும் பெரிதாக நினைப்பது வேறு. அந்த ஜாருக்கு புஷ், சீல், கத்தி செட் கொழும்பில் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் "முழு ஜாராக மாற்றலாம்" என்று மழுப்பினால் கிடைக்காது என்று பொருள். மோட்டர் பத்து வருடம் ஓடும், சட்னி ஜாரின் புஷ் அவ்வளவு காலம் ஓடாது. மூடி ரப்பரையும் கேளுங்கள்.

சம்பல்_மன்னன் (ஞாயிறு, காலை 10.20)

சரி, ஜார் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவ 550 ஐயே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? கறித்தூளுக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஏழு பேர். அரைக் கிலோ மிளகாயும் மல்லியும் ஒன்றாகத் திரிப்போம். 550 இல் அது நடக்குமா, உண்மையைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (ஞாயிறு, காலை 10.45)

அரைக் கிலோவை ஒன்றாகவா? நடக்காது. உங்கள் வீட்டுக்கு நீங்கள் வாங்கியது சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. உலர்ந்த சரக்கில்தான் வாட் பேசும். மீனாவின் வீட்டுக் கால் கிலோவுக்கு 550 உம் ஓடும், பகுதி பகுதியாகப் போட்டால். புதிது எடுப்பதென்றால் 750 எடுக்கலாம், கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

கறித்தூள்_தங்கை (ஞாயிறு, பகல் 1.30)

பகுதி பகுதியாக என்பதை நான் சொல்கிறேன், மாதம் இரண்டு கிலோ திரிக்கிறேன், 600 வாட்டில்.

வறுத்ததும் தாச்சியிலிருந்து தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பி, கை வைத்தால் குளிராக இருக்கும் வரை விடவேண்டும். சூட்டோடு போட்டால் ஆவி மூடிக்குள் தேங்கித் தூளை ஈரமாக்கும், அந்த ஈரத்தூள் கத்தியின் கீழே கட்டியாக இறுகும். அப்போதும் "ம்ம்ம்" தான். வெள்ளவத்தையில் கடற்காற்று வேறு. நேற்று வறுத்து இன்றைக்குத் திரிக்கலாம் என்று திறந்து வைத்தால் மிளகாய் மறுபடி பதத்துப்போகும். மொறுமொறுப்பாக உடையும் நேரத்தில் திரித்துவிடவேண்டும்.

கால் கிலோவை மூன்றாகப் பிரித்துத் தூள் ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் போடுவேன். முதலில் மிளகாய் மட்டும் விட்டு விட்டு அடித்து உடைத்துக்கொண்டு, பிறகு மல்லி, சீரகம். அரை நிமிட ஓட்டம், நிறுத்தி ஜாரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கை சுட்டால் இரண்டு நிமிடம் ஓய்வு. அரித்து, மேலே நிற்கும் திப்பியை அடுத்த பங்கோடு சேர்ப்பேன். முழு மஞ்சள் கட்டையை மட்டும் போடவே மாட்டேன், ஒரு தடவை போட்டுக் கத்தி வளைந்தது.

தெஹிவளை_மாமி (ஞாயிறு, பகல் 2.05)

இவ்வளவு பாடுபடுவதற்கு மில்லில் கொடுத்துத் திரிக்கலாமே பிள்ளை. நாங்கள் எப்போதும் மில்லில்தான்.

கறித்தூள்_தங்கை (ஞாயிறு, பகல் 2.20)

மாமி, எனக்கு முன்னால் திரித்தவரின் தூள் கொஞ்சம் நம்முடையதில் கலக்கும். வேறு வீட்டின் வாசம் நம் மீன் குழம்பில் வரும். எனக்குப் பிடிக்காது.

தெஹிவளை_மாமி (ஞாயிறு, பகல் 2.30)

முதல் பிடியை அள்ளித் தள்ளி வைத்தால் சரி. இதற்குப் போய் மிக்சியை எரிப்பதா?

வெள்ளவத்தை_மீனா (திங்கள், இரவு 7.15)

இன்றைக்கு ஒரு திருத்தகத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். "பொத்தான்தான் தொல்லை, அதைக் கழற்றி வயரை நேரே கொடுத்துவிடுகிறேன், பிறகு நிற்கவே நிற்காது" என்றார். ஐந்து நிமிட வேலையாம். கொடுக்கவில்லை, உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று திரும்பிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (திங்கள், இரவு 7.50)

நல்ல வேளை. நிற்கவே நிற்காது என்பது உண்மைதான், புகை வரும்வரை நிற்காது. பொத்தான் நேராக்கிய மிக்சிகள் என் மேசைக்கு வரும்போது ஆர்மேச்சரின் வார்னிஷ் கருகி, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுற்றிக் கொடுக்கும் கூலிக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புதிய மிக்சி. கூடுதல் அம்பியர் பொத்தான் மாற்றுவதும் அதே தவறுதான், கொஞ்சம் மெதுவாக எரியும்.

ஜாரை மட்டும் எடுத்துக்கொண்டு புஷ் மாற்றுகிற வேறு ஆளிடம் போங்கள். "சீல், புஷ், தண்டு மூன்றும் மாற்று" என்று சொல்லுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் கத்தியும். மாற்றியதும் அங்கேயே தண்ணீர் விட்டு ஓட்டச் சொல்லி, அடியில் ஒரு வெள்ளைத் துணி வைத்துப் பாருங்கள். பொட்டு விழுந்தால் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் கழுவுவது உடனே, ஒரு கிண்ணம் தண்ணீர் விட்டுச் சில விநாடி ஓட்டிக் கொட்டிவிட்டு, கவிழ்த்துக் காயவிடுங்கள்.

வெள்ளவத்தை_மீனா (அடுத்த திங்கள், காலை 8.10)

புதன்கிழமை மாற்றினேன், கத்தியோடு. ஐந்து நாளாகத் தினமும் சட்னி, ஒரு தடவையும் பொத்தான் விழவில்லை. முன்பைவிட மசியலாகவும் வருகிறது. அம்மியில் அரைத்த ருசி இல்லை என்று எங்கள் வீட்டு மாமி சொன்னா, அதற்கு என்னிடம் மருந்தில்லை. பழைய மிக்சியையே வைத்துக்கொள்கிறேன். அது போகும்போது 750 எடுப்பேன், சின்ன ஜாரைத் தடவிப் பார்த்துத்தான்.

சம்பல்_மன்னன் (அடுத்த திங்கள், காலை 8.45)

நல்லது அக்கா. ஆனாலும் தைப்பொங்கலுக்குச் சொந்தக்காரர் வந்து நிற்கும்போது 1000 வாட் ஞாபகம் வரும், அப்போது பேசுவோம். வைண்டிங் அண்ணா, உங்களால் என் சட்னி ஜாரையும் சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடுகிறது. கப்ளரிலும் இரண்டு பல் இல்லை. இது எப்போது போனது?

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (அடுத்த திங்கள், காலை 9.30)

பொத்தான் விழாத ஆறு வருடத்துக்குள் எப்போதோ. கப்ளரை நீங்களே மாற்றலாம், மோட்டர் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும், எதிர்ப்பக்கம் திருப்பி உடைத்துவிடாதீர்கள். முதலில் பிளக்.

தெஹிவளை_மாமி (அடுத்த திங்கள், காலை 10.00)

தம்பி, எங்களுடையதைக் கவிழ்த்தேன். கறுப்பு நீர் இருந்தது, ஒரு கரண்டி அளவு. வெயிலில் காயவைத்தால் போதுமா, கொண்டு வரவேண்டுமா?

கொட்டாஞ்சேனை_வைண்டிங் (அடுத்த திங்கள், காலை 10.20)

கொண்டு வாங்கோ மாமி. ஜாரையும் சேர்த்து.